நாடு எங்கள் தெருவில் உடைந்தால்? குழந்தை சொல்லும் கதை எப்படி வேலை செய்கிறது

நாட்டை உடைக்கப் போகிறார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வது ஒரு சிறுமியின் காதில் விழுகிறது. அவளுக்குக் காந்தி, ஜின்னா, நேரு பற்றியெல்லாம் கவலை இல்லை. நாட்டை உடைக்க முடியுமா என்பது அவளுடைய முதல் சந்தேகம். அடுத்தது இன்னும் அவசரமானது: சரியாக நம் வீட்டுக்கு நேரே உடைத்துவிட்டால்? அல்லது இதே தெருவில் கொஞ்சம் தள்ளி உடைத்தால், அவள் காட்மதர் என்று கூப்பிடும் மூதாட்டி வீட்டுக்கு எப்படிப் போவது?

பாப்ஸி சித்வா எழுதி 1988இல் வெளிவந்த 'ஐஸ் கேண்டி மேன்' நாவலில் வரும் இடம் இது. அமெரிக்காவில் 1991இல் 'கிராக்கிங் இந்தியா' என்ற பெயரில் வந்தது. தீபா மேத்தா இதைத்தான் 1998இல் '1947 எர்த்' என்று படமாக எடுத்தார், ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்ததால் நம்மில் பலருக்கு அந்தப் படத்தின் பாட்டாவது தெரிந்திருக்கும். கதை நடப்பது லாகூரில், பிரிவினைக்குச் சற்று முன்னும் பின்னும். சொல்பவள் லென்னி, போலியோ தாக்கிய காலோடு வளரும் பார்சிச் சிறுமி. சித்வாவுக்கும் சின்ன வயதில் போலியோ வந்தது. அவரும் லாகூரில் வளர்ந்த பார்சிதான். 1938இல் பிறந்தவர் என்பதால் பிரிவினையின்போது கிட்டத்தட்ட லென்னியின் வயதில்தான் இருந்தார்.

லென்னியின் கேள்வியைப் படிக்கும்போது முதலில் சிரிப்பு வரும். அடுத்த நொடி அந்தச் சிரிப்பு நின்றுவிடும். ஏனென்றால் எல்லைக்கோடு நிஜமாகவே ஊர்களுக்கு நடுவில்தான் போனது. நிஜமாகவே பலரால் அதற்கப்புறம் உறவுக்காரர் வீட்டுக்குப் போக முடியவில்லை. அவள் தப்பாகப் புரிந்துகொண்டு கேட்டது சரியான கேள்வியாக இருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அவள் தெரிந்துகொண்டதற்கும் நாம் தெரிந்துகொண்டதற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியில்தான் குழந்தை கதைசொல்லியாக வரும் நாவலின் வேலை முழுவதும் நடக்கிறது.

புதிதாக எழுத வருபவர்கள் இங்கே ஒன்றைத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தைக்கு 'எதுவும் புரியாது', அதனால் பெரியவர்கள் விஷயத்தை மறைமுகமாகச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறார்கள். குழந்தைக்கு எதுவும் புரியாமல் இருப்பதில்லை. அதற்கென்று முழுசான ஒரு விளக்கம் எப்போதும் இருக்கும். அந்த விளக்கம் அதற்குத் தெரிந்த பொருள்களால் ஆனது: பொம்மை, பீங்கான் தட்டு, குருவிக் கூடு, அடி வாங்கியது, பாராட்டு வாங்கியது. பெரியவர்களின் உலகத்தில் ஒரு கொடுமை நடக்கும்போது குழந்தை அந்தப் பொருள்களை வைத்துத்தான் அதை அளக்கும். அளவுகோல் சிறியது, அளக்கப்படுவது பெரியது. பொருந்தாமல் வெளியே துருத்திக்கொண்டிருப்பதை வாசகர் பார்த்துவிடுகிறார்.

ஒரு சின்ன உதாரணத்தை நானே எழுதிப் பார்க்கிறேன். வேலை போன ஒரு அப்பாவைப் பற்றி, அவருடைய ஆறு வயது மகன் சொல்கிறான்:

"இப்போதெல்லாம் அப்பா எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறார். டிபன் கேரியரைத் திறந்தால் அம்மா காலையில் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம் அப்படியே இருந்தது. நான் சாப்பிட்டுவிட்டேன். ஆபீஸில் என்ன போட்டார்கள் என்று அம்மா கேட்டாள். மீட்டிங், பிரியாணி என்றார் அப்பா. எனக்கு ஏன் கொண்டுவரவில்லை என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை."

இதில் வேலை போனது என்ற சொல்லே இல்லை. பையனுக்குப் பிரியாணிதான் பிரச்சினை. ஆனால் அந்த மனிதர் காலையிலிருந்து எங்கேயோ பட்டினியாக உட்கார்ந்துவிட்டு வந்து பொய் சொல்கிறார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. போதாததற்கு மகன் வேறு கோபித்துக்கொள்கிறான். இதே இடத்தில் "அப்பாவின் முகத்தில் ஏதோ சோகம் இருந்தது, எனக்கு ஏனென்று புரியவில்லை" என்று எழுதியிருந்தால் எல்லாம் கெட்டுவிடும். புரியவில்லை என்று சொல்லும் குழந்தை, இங்கே புரிந்துகொள்ள ஏதோ இருக்கிறது என்று வாசகருக்குக் கண் காட்டுகிறது. நிஜக் குழந்தை அப்படிச் சொல்லாது. அதற்குப் பிரியாணி வேண்டும்.

அதனால் இப்படி ஒரு பத்தி எழுதினால், அல்லது படித்தால், நான் கேட்டுப்பார்ப்பது ஒரே ஒரு கேள்விதான்: இந்த விவரத்தைக் கவனிக்க இந்தக் குழந்தைக்குச் சொந்தக் காரணம் இருக்கிறதா? பையன் கேரியரைத் திறந்தது பசியில். ஆசிரியருக்காக அவன் திறக்கவில்லை. லென்னி நாட்டைப் பற்றி யோசித்தது காட்மதர் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காக.

லென்னி தப்பான முடிவுக்கு வரும் ஓர் இடம் இந்த நாவலில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். லாகூர் பற்றி எரிந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அம்மாவின் கார் டிக்கியில் பெட்ரோல் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியவருகிறது. அம்மாவும் சித்தியும் அடிக்கடி காரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டு வருகிறார்கள். பெட்ரோல் இருக்கிறது, ஊர் எரிகிறது, அம்மா எங்கே போகிறாள் என்று சொல்வதில்லை. மூன்றையும் கூட்டினால் என்ன வரும்? அம்மாதான் லாகூரைக் கொளுத்துகிறாள் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள். தர்க்கத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. உண்மை ரொம்ப நாள் கழித்துத்தான் வெளிவருகிறது. ரேஷனில் கிடைத்துவந்த பெட்ரோலை அவர்கள் கள்ளத்தனமாகச் சேர்த்து, இந்து, சீக்கிய நண்பர்கள் எல்லை தாண்டித் தப்பிக்கக் கொடுத்துவந்திருக்கிறார்கள். அம்மா செய்த துணிச்சலான காரியத்தை மகளின் பயத்தின் வழியாகத்தான் நாம் முதலில் பார்க்கிறோம். பெற்ற தாயையே கொள்ளிவைப்பவள் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் அத்தனை நாளும் அதே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறாள். இது கலவரத்தின் நேரடிச் சேதம் இல்லை. ஆனால் கலவரம் ஒரு குழந்தைக்குள் என்ன செய்தது என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

கொடுமையை நேரே பார்த்துவிட்டால் குழந்தை என்ன செய்யும்? மொட்டை மாடியிலிருந்து லென்னி ஒரு காட்சியைப் பார்க்கிறாள். ஒரு மனிதனின் இரண்டு கால்களையும் இரண்டு ஜீப்புகளில் கட்டி, வண்டிகளை எதிரெதிராக ஓட்டுகிறார்கள். இதைப் பற்றி அவள் பெரிதாக எதுவும் பேசுவதில்லை. அப்புறம் தன் பொம்மைகளில் ஒன்றை எடுத்துக் கால்களைப் பிடித்து இழுக்கிறாள். தனியாக முடியவில்லை. தம்பி ஆதியைக் கூப்பிட்டு ஒரு காலைப் பிடித்து இழுக்கச் சொல்கிறாள். பொம்மை கிழிந்து உள்ளே அடைத்திருந்ததெல்லாம் வெளியே கொட்டுகிறது. அவள் தேம்பித் தேம்பி அழுகிறாள். அழுவதாயிருந்தால் ஏன் இப்படிச் செய்தாய் என்கிறான் தம்பி.

தம்பி கேட்பது நியாயமான கேள்வி. அவளிடம் பதில் இல்லை. பார்த்ததைச் சொல்ல வார்த்தை இல்லாததால் கையால் செய்து பார்த்தாள் என்று விளக்கம் சொல்வது நம் வேலை. ஆசிரியர் அதைச் சொல்லாமல் விட்டதால்தான் அந்தப் பஞ்சு நம் கையில் வந்து விழுகிறது.

இனி நாவலின் மையத்துக்கு வருவோம். இந்த உத்தி எவ்வளவு தூரம் போக முடியும் என்பது அங்கேதான் தெரிகிறது. லென்னியைப் பார்த்துக்கொள்பவள் சாந்தா என்ற இளம் ஆயா, இந்து. அவளைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம். சமையல்காரர் இமாம் தீன், தோட்டக்காரர் ஹரி, மிருகக்காட்சிசாலையில் வேலை பார்க்கும் ஷேர் சிங், மசாஜ் செய்பவர், ஐஸ் விற்பவன் என்று எல்லா மதத்தவரும் பூங்காவில் அவளோடு உட்கார்ந்து கதை பேசுவார்கள். பக்கத்தில் இருக்கும் லென்னியின் கண் தரைமட்டத்தில் இருப்பதால் அவள் பார்ப்பதெல்லாம் கையும் காலும்தான். ஐஸ்காரனின் கால்விரல்கள் மெல்ல ஊர்ந்து ஆயாவின் புடவைக்கு அடியில் போவதை அவள் பார்க்கிறாள். ஆசை, பொறாமை என்ற சொற்கள் அவளுக்குத் தேவைப்படவில்லை. யாருடைய கையை ஆயா தட்டிவிடுகிறாள், யாருடையதை விட்டுவைக்கிறாள் என்பது போதும். மசாஜ்காரரின் பக்கம் ஆயாவின் மனம் சாய்வதை நாம் இப்படித்தான் தெரிந்துகொள்கிறோம். ஐஸ்காரன் மேல் லென்னிக்குப் பிரியம் உண்டு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாவலின் முற்பகுதியில் ஒரு சாதாரண விஷயம் நடக்கிறது. லென்னி ஒரு தட்டை உடைத்துவிடுகிறாள். நான்தான் உடைத்தேன் என்று அம்மாவிடம் ஒப்புக்கொள்கிறாள். அம்மா திட்டவில்லை. உண்மையைச் சொன்னாயே என்று கொஞ்சுகிறாள். தட்டு போனால் போகிறது, உண்மைதான் பெரிது. எந்த வீட்டிலும் நடப்பதுதான் இது. படிக்கும்போது இதைக் கடந்து போய்விடுவோம். ஆனால் லென்னி கடந்து போகவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள், உண்மை பேசுகிறவள் என்பது அவளைப் பற்றி அவளே வைத்திருக்கும் எண்ணமாக ஆகிவிடுகிறது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்புறம் 1947. குர்தாஸ்பூரிலிருந்து வந்த ரயில் முழுக்கப் பிணங்களோடு லாகூர் வந்து சேர்கிறது. அதில் வரவேண்டிய தன் சொந்தக்காரர்களுக்காகக் காத்திருந்தவன் ஐஸ்காரன். பூங்காக் கூட்டம் கலைந்துபோகிறது. ஹரி மதம் மாறி ஹிம்மத் அலி ஆகிவிட்டார். மசாஜ்காரர் கோணிப்பைக்குள் பிணமாகக் கிடைக்கிறார். கண்டவர்களில் லென்னியும் ஒருத்தி. பிறகு ஒரு நாள் ஒரு கும்பல் வீட்டு வாசலுக்கு வருகிறது. இந்து ஆயா எங்கே என்று கேட்கிறார்கள். இமாம் தீன் முன்னால் வந்து, அவள் ஊரைவிட்டுப் போய்விட்டாள் என்று அல்லாவின் மேல் சத்தியம் செய்கிறார். வயதான முஸ்லிம் ஒருவர் அல்லாவின் பெயரால் சொன்னதும் கும்பல் தயங்குகிறது. திரும்பிப் போய்விடும் போலத்தான் இருக்கிறது.

அந்த நேரத்தில் கூட்டத்திலிருந்து ஐஸ்காரன் வெளியே வந்து லென்னியின் முன்னால் குந்தி உட்காருகிறான். அவளுக்குத் தெரிந்த முகம், தெரிந்த குரல். பயப்படாதே, நான் இருக்கிறேன், ஆயாவை என் உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றுவேன், அவள் எங்கே என்று கேட்கிறான். லென்னி உண்மையைச் சொல்லிவிடுகிறாள். மாடியில் இருக்கலாம், இல்லையென்றால் கிடங்கு அறைகளில் ஒன்றில்.

சொல்லி முடிக்கும்போதே அவன் முகத்தைப் பார்த்து என்ன நடந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆயாவை இழுத்துக்கொண்டு போகிறார்கள். பின்னால் போக நினைக்கும் அவளுடைய வெறுங்கால்களை முன்னால் தள்ளுகிறார்கள். இங்கேயும் லென்னி பார்ப்பது பாதங்களைத்தான்.

இங்கே என்ன நடந்தது என்று நிதானமாகப் பாருங்கள். ஆயாவைக் காட்டிக்கொடுத்தது அறியாமை என்று சொல்ல முடியாது. லென்னிக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றுதான் காட்டிக்கொடுத்தது: உண்மை சொன்னால் பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள், தெரிந்தவர்கள் நல்லவர்கள். அம்மா அன்போடு சொல்லிக்கொடுத்தது சரியாகப் பிசகாமல் வேலை செய்தது. தட்டு உடைந்த காட்சி எத்தனையோ பக்கங்களுக்கு முன்னால் எதற்காக வைக்கப்பட்டது என்று அப்போதுதான் உறைக்கிறது. முதியவரின் பொய் காப்பாற்றப் பார்த்தது, குழந்தையின் உண்மை பிடித்துக்கொடுத்தது. ஒரு வயதுவந்த கதைசொல்லியை வைத்து இதைச் செய்திருந்தால் அவரை முட்டாள் என்றோ துரோகி என்றோ திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்வோம். லென்னியைத் திட்ட முடியாது. மன்னித்துவிட்டு நிம்மதியாகவும் இருக்க முடியாது, ஏனென்றால் அவளே தன்னை மன்னிப்பதில்லை. கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்க்கிறாள், பிடுங்கி எறியப் பார்க்கிறாள், ரத்தம் வரும் வரை டூத்பிரஷ்ஷால் தேய்க்கிறாள். தப்பு நாக்கினுடையது என்பதுதான் அவளுடைய கணக்கு. குற்றவுணர்ச்சி என்ற சொல்லை ஆசிரியர் இங்கே எழுதவேண்டிய அவசியமே இல்லை.

கடத்தப்பட்ட பிறகு ஆயாவுக்கு என்ன ஆனது என்பதையும் நாவல் இப்படித்தான் சொல்கிறது. லென்னி கூடவே போக முடியாது. அவளுடைய கண் வீட்டுக்குள்ளேயும் தெருவிலும்தான் சுற்றும். அதனால் சித்வா வேறு பெண்ணை வீட்டுக்குள் கொண்டுவருகிறார். புதிய ஆயாவாக வரும் ஹமீதா, கடத்தப்பட்டு மீட்கப்பட்டவள். அவளுடைய குடும்பம் அவளைத் திரும்ப ஏற்கவில்லை. அவள்மேல் தப்பில்லையே, ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை என்று லென்னிக்குப் புரியவில்லை. வேற்று ஆண்கள் தொட்ட பெண்ணைச் சிலரால் ஏற்க முடியாது என்று காட்மதர் சொல்கிறாள். லென்னி உடனே ஒரு குருவிக்குஞ்சை நினைத்துக்கொள்கிறாள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை அவள் எடுக்கப் போனபோது தோட்டக்காரர் தடுத்திருக்கிறார். மனிதர் கை பட்டால் மற்றக் குருவிகள் அதைக் கொத்திக் கொன்றுவிடும் என்றார். தாய்க்குருவியுமா என்று கேட்டிருக்கிறாள். ஆமாம், தாயும்தான்.

லென்னி இதற்குமேல் எதுவும் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. கடைசியில் அவள் ஆயாவைத் திரும்பப் பார்க்கிறாள். அந்தக் கண்களில் பழைய உயிர் இல்லை, குரல் கரகரத்துக் கிடக்கிறது. நடுவில் நடந்தது அவ்வளவையும் அந்தக் குரலிலிருந்து நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

இந்த நாவலில் சறுக்கல்களும் உண்டு. நேற்றுவரை அவரவராக இருந்தவர்கள் திடீரென்று இந்து, முஸ்லிம், சீக்கியர் என்று ஆகிவிட்டார்கள், மனிதர்கள் சுருங்கி வெறும் அடையாளங்களாகிவிட்டார்கள் என்று லென்னி ஓரிடத்தில் சொல்கிறாள். பலரும் எடுத்துக்காட்டும் பகுதிதான். எனக்கு அது ஒட்டவில்லை. அங்கே பேசுவது ஐம்பது வயதை நெருங்கிய சித்வா. நாவல் நிகழ்காலத்திலேயே சொல்லப்படுவதால் இது இன்னும் உறுத்துகிறது. "அன்று எனக்குத் தெரியாது, இன்று யோசித்தால்" என்று வளர்ந்த லென்னி திரும்பிப் பார்த்துச் சொல்லியிருந்தால் அந்த வாக்கியத்துக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும். ஆனால் அப்படித் திரும்பிப் பார்த்தால் பெட்ரோல் டின் காட்சி போய்விடும். அம்மா கொள்ளிவைக்கவில்லை என்று தெரிந்தவள் அந்தப் பயத்தை அப்படியே சொல்ல முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். குழந்தைக் குரலில் எழுதும் யாரும் முதல் பக்கத்துக்கு முன்பே முடிவு செய்யவேண்டியது இது: கதை நடக்கும்போதே சொல்லப்படுகிறதா, முடிந்த பிறகா?

எதிர்ப்பக்கத்துத் தவறும் இருக்கிறது. குழந்தையை வேண்டுமென்றே மந்தமாக ஆக்கிவிடுவது. வீட்டில் சண்டை நடந்தால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது சண்டை என்று தெரியும். யார் பக்கம் நின்றால் தனக்கு அடி விழாது என்பதும் தெரியும். வாசகருக்கு வசதியாக இருக்கட்டும் என்று அதை மறைத்தால், குழந்தை கதையின் சன்னலாகத்தான் மிஞ்சும், ஆளாக இருக்காது. லென்னி அப்படியில்லை. அவளுக்குச் சுயநலம் உண்டு, பொறாமை உண்டு, ஆயாவோடு இருப்பதால் மற்றவர்களிடமிருந்து என்ன பிடுங்கலாம் என்ற கணக்கும் உண்டு.

இன்னொரு எல்லையைச் சித்வா மறைக்கப் பார்க்கவில்லை. பிரிவினையின் பெரும் படுகொலைகள் பலவும் நடந்தது கிராமங்களில். லாகூரின் வாரிஸ் சாலையில் வளரும் பார்சிச் சிறுமி அங்கே இருக்க வழியில்லை. யாரோ பேசியதை ஒட்டுக்கேட்டாள் என்று ஒரு முழுக் கிராமத்தின் அழிவையும் சொல்லிவிட முடியாது. அதனால் அவர் லென்னியின் குரலை நிறுத்திவைத்துவிட்டு, இமாம் தீனின் உறவுப் பையனான ரன்னாவின் கதையைத் தனிப் பகுதியாகவே நடுவில் செருகுகிறார். பீர் பிண்டோ என்ற ஊரில் தன் சொந்தமெல்லாம் வெட்டப்படுவதை நேரில் பார்த்துத் தப்பியவன் அவன். அந்தப் பக்கங்களில் மறைமுகம் எதுவும் கிடையாது. லென்னிக்குத் தெரியாமல் நமக்கு மட்டும் தெரிந்தது என்று எதுவும் இல்லை. நடந்தது அப்படியே நடக்கிறது. நாவலின் வடிவம் அங்கே உடைகிறது என்று சொல்பவர்கள் உண்டு. உடைவது உண்மைதான். ஆனால் அதை லென்னியின் கண்ணுக்குள் அடக்கப் பார்த்திருந்தால், மாடியிலிருந்து தற்செயலாக எல்லாவற்றையும் பார்க்கும் ஒரு நம்பமுடியாத சிறுமிதான் நமக்குக் கிடைத்திருப்பாள்.